கலங்கிய எலும்புச் சாற்றைத் தெளியவைப்பது எப்படி?

ராசிங்காபுரத்திலும் போடி சுற்று வட்டாரத்திலும் ஆட்டெலும்போ நாட்டுக்கோழியோ வாங்கி வந்தால், பெரும்பாலும் குக்கரில்தான் சாறு வைக்கிறோம். ஐந்தாறு விசில் விட்டு, அவசரம் என்றால் வெயிட்டைத் தூக்கி ஆவியை வெளியேற்றிவிட்டுத் திறக்கிறோம். அந்தச் சாறு ருசியாகத்தான் இருக்கும், ஆனால் கழுநீர்போலக் கலங்கியிருக்கும். குழம்புக்கும் பிரியாணிக்கும் அது போதும். கிண்ணத்தின் அடி தெரியும்படி, தேன் நிறத்தில், எண்ணெய்ப் பொட்டு இல்லாத தெளிந்த சூப்பாகப் பரிமாற வேண்டுமென்றால் இன்னொரு வேலை பாக்கி இருக்கிறது.

அந்த வேலையை முட்டையின் வெள்ளைக்கரு செய்யும். பிரெஞ்சுச் சமையலில் இப்படித் தெளியவைத்த சூப்புக்கு 'கான்சொமே' என்று பெயர். கேட்டரிங் கல்லூரிகளில் இதைப் பாடமாகவே சொல்லிக்கொடுக்கிறார்கள். வீட்டு அடுப்பில் இரண்டு லிட்டர் சாற்றைத் தெளியவைக்கும் முறையை இந்த அத்தியாயத்தில் பார்ப்போம்.

சாறு ஏன் கலங்குகிறது?

எலும்பிலும் இறைச்சியிலும் உள்ள ரத்தமும் சில புரதங்களும் சூடேறும்போது உறைந்து, பொடிப்பொடியாகச் சாற்றில் மிதக்கின்றன. மெதுவாகக் காய்ச்சினால் இவை நுரையாக மேலே வரும், கரண்டியால் எடுத்துவிடலாம். தளதளவென்று கொதிக்கவிட்டால் நுரை மறுபடி சாற்றுக்குள்ளேயே இழுக்கப்பட்டு உடைகிறது. கொழுப்பும் நுண்ணிய துளிகளாகச் சிதறி, சாற்றோடு கலந்து நின்றுவிடுகிறது. குக்கரில் ஆவியைத் திடீரென்று வெளியேற்றும்போது உள்ளே நடப்பது இதுதான்: அழுத்தம் சட்டென்று குறைய, சாறு பொங்கிக் கொதிக்கிறது. அடுப்பை அணைத்துவிட்டு, அழுத்தம் தானாக இறங்கும்வரை காத்திருந்தாலே பாதிக் கலங்கல் குறையும்.

இந்தத் துகள்கள் துணியின் இழைகளுக்கு நடுவே புகுந்து போகும் அளவுக்குச் சிறியவை. அதனால்தான் எத்தனை தடவை வடிகட்டினாலும் சாறு தெளிவதில்லை.

வெள்ளைக்கரு அழுக்கை எப்படிப் பிடிக்கிறது?

வெள்ளைக்கருவில் சுமார் 90 சதவீதம் நீர்தான். மீதியில் பெரும்பகுதி புரதம். பச்சையாக இருக்கும்போது ஒவ்வொரு புரதமும் சுருண்ட நூல் உருண்டையாக இருக்கும், குளிர்ந்த சாற்றில் எல்லா இடத்துக்கும் பரவிவிடும். சூடு 60 பாகையைத் தாண்டும்போது உருண்டைகள் பிரியத் தொடங்கி, ஒன்றோடொன்று பிணைந்து வலையாகின்றன. 80 பாகையைத் தாண்டியதும் வலை இறுகிவிடும். அது உருவாகும்போது பக்கத்தில் இருக்கும் துகள்களும் கொழுப்புத் துளிகளும் உள்ளே மாட்டிக்கொள்ளும். சாற்றுக்கு வழவழப்பைத் தரும் ஜெலட்டின் இந்தச் சூட்டில் உறைவதில்லை. கரைந்தே இருப்பதால் வலையைக் கடந்து சாற்றிலேயே தங்கிவிடும்.

கொதிக்கும் குமிழிகள் வலையை மேலே தூக்கிக்கொண்டு வந்து, சாற்றின் மேல் கனமான அடைபோல மிதக்கவைக்கும். இந்த அத்தியாயம் முழுக்க இதை 'அடை' என்றே குறிப்பிடுகிறேன். சர்க்கரைப் பாகு காய்ச்சும்போது ஒரு கரண்டி பால் விட்டு, திரண்டு வரும் அழுக்கை நீக்குவது பலகாரம் போடுகிற எல்லோருக்கும் தெரிந்ததுதான். அங்கே பாலின் புரதம் செய்வதை இங்கே முட்டையின் புரதம் செய்கிறது.

கீழே வரும் விதிகள் எல்லாம் இதிலிருந்து பிறப்பவைதான். வலை உருவாகும் முன்பு வெள்ளைக்கரு எங்கும் பரவியிருக்க வேண்டும். உருவாகத் தொடங்கிய பின்பு அதை யாரும் கலைக்கக் கூடாது.

முதலில் சோதியுங்கள்: இது தெளியக்கூடிய கலங்கலா?

சாற்றைக் கண்ணாடித் தம்ளரில் ஊற்றி ஓர் இரவு குளிர்சாதனப் பெட்டியில் வையுங்கள். காலையில் பார்த்தால் கீழ்க்கண்ட மூன்றில் ஒன்று தெரியும்.

- அடியில் வண்டல் தங்கி, மேலே தெளிந்திருந்தால் முட்டை தேவையில்லை. மேல் சாற்றை மெதுவாக இறுத்துக்கொள்ளுங்கள்.
- மேலே கொழுப்பு உறைந்து, கீழே முழுக்கச் சீராகக் கலங்கியிருந்தால் இந்த முறை பலிக்கும்.
- சாற்றில் பருப்பு, அரிசி, உருளைக்கிழங்கு, தேங்காய்ப்பால், மல்லித்தூள், மஞ்சள்தூள் ஏதாவது சேர்ந்திருந்தால் இந்த முறையை நம்ப வேண்டாம். கரைந்த மாவுச்சத்தை இந்த வலை சரியாகப் பிடிக்காது, மஞ்சளின் நிறமும் முழுதாகப் போகாது.

சந்தேகம் இருந்தால் ஒரு தம்ளர் குளிர்ந்த சாற்றில் இரண்டு டீஸ்பூன் வெள்ளைக்கருவைக் கலந்து, சிறு தீயில் காய்ச்சி வடிகட்டிப் பாருங்கள். அது தெளிந்தால் மொத்தச் சாற்றையும் தெளியவைக்கலாம்.

தேவையானவை (2 லிட்டர் சாற்றுக்கு)

- நன்றாகக் குளிர்ந்த, கொழுப்பு நீக்கிய சாறு: 2 லிட்டர்
- கோழிமுட்டை வெள்ளைக்கரு: 4
- கொழுப்பில்லாத கொத்துக்கறி: 400 கிராம் (ஆட்டுச் சாறு என்றால் ஆட்டுக்கறி, கோழிச் சாறு என்றால் தோல் நீக்கிய கோழிக்கறி)
- நாட்டுத் தக்காளி: 2, பொடியாக நறுக்கியது
- சின்ன வெங்காயம் 10, கேரட் 1, ஒரு பிடி மல்லித்தண்டு: எல்லாம் பொடியாக நறுக்கியது
- முழு மிளகு: 1 டீஸ்பூன்
- உப்பு: அரை டீஸ்பூன் (மீதியைக் கடைசியில் சேர்க்கலாம்)
- ஏலக்காய்: 2

வெள்ளைக்கரு மட்டும் போதாதா, கறி எதற்கு என்று கேட்கலாம். வலை அழுக்கோடு சேர்த்துச் சாற்றின் சுவையிலும் ஒரு பங்கை எடுத்துக்கொள்ளும். கறி அந்தச் சுவையைத் திருப்பித் தருகிறது. கறியில் உள்ள புரதமும் உறைந்து வலைக்குப் பலம் சேர்க்கிறது. தக்காளியின் புளிப்பு புரதம் எளிதில் திரள உதவுகிறது. தக்காளி இல்லாவிட்டால் ஒரு டீஸ்பூன் எலுமிச்சைச் சாறு விடுங்கள்.

செலவைக் குறைக்க வேண்டுமென்றால் கறியும் காய்களும் இல்லாமல் வெள்ளைக்கருவும் எலுமிச்சைச் சாறும் மட்டும் போட்டும் செய்யலாம். சாறு தெளியும், ஆனால் ருசி ஒரு படி இறங்கும். அதனால் கெட்டியான சாறாக இருந்தால் மட்டும் இப்படிச் செய்யுங்கள்.

பாத்திரமும் துணியும்

அகலம் குறைந்த, உயரமான, அடிகனமான எவர்சில்வர் பாத்திரம் நல்லது. அகலமான பாத்திரத்தில் அடை மெலிந்து உடைந்துவிடும். ஈயம் பூசாத பித்தளை, செம்புப் பாத்திரங்கள் வேண்டாம், தக்காளியின் புளிப்பு அவற்றை அரிக்கும்.

வடிகட்ட மெல்லிய வெள்ளைப் பருத்தித் துணி வேண்டும். பழைய வேட்டித் துணி என்றால் அதில் போட்ட கஞ்சி முழுதாகப் போகும்வரை வெந்நீரில் அலசுங்கள். துணியில் மிஞ்சிய கஞ்சியே தெளிந்த சாற்றைக் கலக்கிவிடும். சோப்பு வாசனையும் இருக்கக் கூடாது. அலசிய துணியை வெறும் தண்ணீரில் கொதிக்கவைத்து, பிழிந்து வைத்துக்கொள்ளுங்கள்.

செய்முறை

1. கொழுப்பை எடுங்கள். இரவு முழுக்கக் குளிர்ந்த சாற்றின் மேல் உறைந்திருக்கும் கொழுப்பை முழுதாக வழித்தெடுங்கள். கொழுப்பு அதிகமாக இருந்தால் வலை அதைப் பிடிப்பதிலேயே தீர்ந்துவிடும். சாறு களியாக உறைந்திருந்தால், நீர்க்கும் அளவுக்கு மட்டும் லேசாகச் சூடாக்கி, மறுபடி ஆறவிடுங்கள்.

2. வெள்ளைக்கருவை உடையுங்கள். ஒவ்வொரு முட்டையையும் தனிக் கிண்ணத்தில் உடைத்துப் பார்த்து, வெள்ளைக்கருவை மட்டும் பிரித்துச் சேருங்கள். முட்கரண்டியால் கலக்கி அதன் வழவழப்பு உடைந்தால் போதும். கேக்குக்கு அடிப்பதுபோல் நுரைக்க அடித்தால் நுரை மேலேயே மிதக்கும், சாற்றுக்குள் பரவாது.

3. பிசையுங்கள். கொத்துக்கறி, காய்கள், தக்காளி, மிளகு, உப்பு எல்லாவற்றையும் வெள்ளைக்கருவோடு சேர்த்துக் கையால் பிசையுங்கள். நேரம் இருந்தால் குளிர்சாதனப் பெட்டியில் அரை மணி நேரம் வையுங்கள்.

4. குளிர்ந்த சாற்றில் கலக்குங்கள். கலவையை முதலில் ஒரு கரண்டி சாறு விட்டுத் தளர்த்தி, பிறகு மொத்தச் சாற்றோடும் நன்றாகக் கலக்குங்கள். இப்போது சாறு முன்பைவிட மோசமாகக் கலங்கித் தெரியும். அப்படித்தான் தெரிய வேண்டும்.

5. மிதமான தீயில் வைத்துக் கிண்டுங்கள். மரக்கரண்டியால் அடியைத் தொட்டு, ஓயாமல், மெதுவாகக் கிண்ட வேண்டும். புரதம் கனமாக இருப்பதால் அடியில் தங்கிப் பிடித்துக்கொள்ளப் பார்க்கும். கரண்டியின் நுனி பாத்திரத்தின் மூலைகளுக்கும் போக வேண்டும்.

6. சரியான நேரத்தில் நிறுத்துங்கள். இந்த வேலையின் முக்கியமான கட்டம் இதுதான். வெப்பமானி இருந்தால் 50 முதல் 55 பாகைக்குள் கிண்டுவதை நிறுத்துங்கள். இல்லாவிட்டால் சாற்றைக் கவனியுங்கள். விரல் பொறுக்காத சூடு வந்து, மெல்லிய ஆவி எழும். சிவப்பாக இருந்த கறி வெளுக்கத் தொடங்கும். கரண்டியைத் தூக்கினால் அதன் ஓரத்தில் வெள்ளை இழைகள் ஒட்டியிருக்கும். அந்த இழைகளைக் கண்டதும் கரண்டியை வெளியே எடுத்துவிடுங்கள். அதன்பிறகு உள்ளே விடாதீர்கள்.

7. தீயைக் குறைத்துக் காத்திருங்கள். சிறிய பர்னரில் சிம்மில் வையுங்கள். பத்துப் பதினைந்து நிமிடத்தில் கலவை மேலே எழும்பி, சாம்பல் நிற அடையாகச் சேரும். ஓரங்களில் மட்டும் சின்னக் குமிழிகள் மெதுவாக வர வேண்டும். விறகடுப்பு என்றால் விறகை வெளியே இழுத்துவிட்டுத் தணலில் விடுங்கள்.

8. துளை போடுங்கள். அடை கைப்பிடிக்கு இறுகியதும், குமிழி வரும் ஓரத்தில் கரண்டியின் பின்புறத்தால் ஒரு குழிக்கரண்டி நுழையும் அளவுக்குத் துளை செய்யுங்கள். ஆவி அதன் வழியாகப் போகும், அடை பிளக்காது. சாறு தெளிகிறதா என்றும் அதன் வழியே பார்க்கலாம். இடையிடையே துளையிலிருந்து ஒரு கரண்டி சாறு எடுத்து அடையின் மேல் ஊற்றுங்கள். சாறு அடையின் ஊடாக இறங்கி இன்னும் தெளியும், அடையும் காயாமல் இருக்கும்.

9. நேரம் கொடுங்கள். கறி சேர்த்திருந்தால் 45 நிமிடம் முதல் ஒரு மணி நேரம் ஆகும். வெள்ளைக்கரு மட்டும் என்றால் 15 முதல் 20 நிமிடம் போதும். பிறகு அடுப்பை அணைத்துப் பத்து நிமிடம் அசைக்காமல் விடுங்கள்.

10. மொண்டு வடிகட்டுங்கள். ஈரத்துணியை நான்காக மடித்து வடிகட்டியின் மேல் விரியுங்கள். துளையின் வழியாகக் குழிக்கரண்டியால் மொண்டு ஊற்றுங்கள். பாத்திரத்தைச் சரிக்க வேண்டாம். துணியைப் பிழியவே கூடாது, பிழிந்தால் பிடித்த அழுக்கு மறுபடி சாற்றில் இறங்கும். அடியில் மிஞ்சும் கடைசி ஒரு தம்ளரைத் தனியே வடித்துக் குழம்புக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

11. மேலிருக்கும் எண்ணெயை எடுங்கள். அச்சில்லாத வெள்ளை டிஷ்யூ தாளைப் பட்டையாகக் கிழித்து, சாற்றின் மேல் ஒரு முனையிலிருந்து மறுமுனைக்கு மெதுவாக இழுங்கள். எண்ணெய்ப் பொட்டுகள் தாளில் ஒட்டிக்கொள்ளும். செய்தித்தாள் வேண்டாம், மை இறங்கும்.

12. ஏலக்காயைக் கடைசியில் சேருங்கள். ஏலக்காயை வாய் பிளக்கும் அளவுக்கு மட்டும் தட்டி, சிறு துணியில் முடிந்து, சூடான சாற்றில் ஐந்து நிமிடம் மூடி வைத்து எடுத்துவிடுங்கள். ஏலத்தின் வாசனை எண்ணெய் எளிதில் ஆவியாகிவிடும், ஒரு மணி நேரம் அடையோடு வேகவிட்டால் பெரும்பகுதி போய்விடும். பொடித்துப் போட்டால் சாறு மறுபடி கலங்கும். உப்பையும் இப்போது சரிபாருங்கள்.

இரண்டு லிட்டரில் ஒன்றரை லிட்டர் அளவுக்குத் தெளிந்த சூப் கிடைக்கும். மீதி ஆவியிலும் அடையிலும் போய்விடும். விருந்தாளிகளின் கணக்கை இதை வைத்துப் போடுங்கள்.

தெளிந்ததா என்று பார்ப்பது எப்படி?

கண்ணாடித் தம்ளரில் சாற்றை ஊற்றி, அச்சிட்ட ஒரு தாளின் மேல் வைத்து மேலிருந்து பாருங்கள். எழுத்து மங்காமல் தெரிந்தால் வேலை முடிந்தது. நிறம் அடர்ந்திருப்பது குறையல்ல. தேநீர் நிறமாக இருந்தாலும் ஊடுருவித் தெரிந்தால் அது தெளிந்த சாறுதான்.

மலைமேல் சமைப்பவர்களுக்கு

ராசிங்காபுரம் மலையடிவாரத்தில் இருப்பதால் அங்கே தண்ணீர் ஏறக்குறைய 99 பாகையில் கொதிக்கும். ஏலத் தோட்டங்களின் பக்கம், போடிமெட்டு உயரத்துக்குப் போனால், சுமார் 1,400 மீட்டரில் அதே தண்ணீர் 95 பாகையிலேயே தளதளக்கும். புரதம் இறுக 80 பாகை தாண்டினால் போதும் என்பதால் அங்கேயும் சாறு தெளியும். ஆனால் அடை இறுகுவதற்கும் சாறு கொதித்துப் பொங்குவதற்கும் நடுவே கிடைக்கும் இடைவெளி குறைவு. அதனால் அடை சேரத் தொடங்கியதுமே தீயைக் குறைத்துவிடுங்கள். வெப்பமானி 95 காட்டட்டும் என்று காத்திருந்தால் அடை உடைந்துவிடும்.

வழக்கமாக நேரும் தவறுகள்

*வெள்ளைக்கரு துண்டு துண்டாகத் திரண்டுவிட்டது, சாறு கலங்கியே இருக்கிறது.* சாறு சூடாக இருந்தபோது கலந்திருக்கிறீர்கள். பரவும் முன்பே புரதம் உறைந்துவிட்டது. வடிகட்டி, முழுதாகக் குளிரவைத்து, புதிய வெள்ளைக்கருவோடு தொடங்குங்கள்.

*அடை உடைந்து கலந்துவிட்டது.* சாறு கொதித்திருக்கும், அல்லது நேரம் கடந்து கிண்டியிருப்பீர்கள். உடனே அடுப்பை அணைத்து அரை மணி நேரம் அசைக்காமல் விடுங்கள். துகள்கள் ஓரளவு படியும். மேலே இருப்பதை மொண்டு வடிகட்டிப் பாருங்கள். தெளியவில்லை என்றால் குளிரவைத்து, லிட்டருக்கு ஒரு வெள்ளைக்கரு சேர்த்து மறுபடி செய்யலாம். ஒவ்வொரு தடவையும் சுவை குறையும் என்பதால் இரண்டாவது தடவையோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

*அடையே சேரவில்லை.* வெள்ளைக்கரு போதவில்லை, அல்லது புளிப்பு இல்லை. ஒரு டீஸ்பூன் எலுமிச்சைச் சாற்றை ஓரமாக விட்டு, கிண்டாமல் பத்து நிமிடம் பாருங்கள்.

*தீய்ந்த வாசனை வருகிறது.* கரண்டி அடியைத் தொடவில்லை, புரதம் அடிபிடித்துவிட்டது. இதற்கு மாற்று இல்லை. சாறு தெளிந்தாலும் தீய்ந்த ருசி போகாது.

*சூடாக இருக்கும்போது தெளிவு, ஆறினால் களி.* இது தவறல்ல. ஜெலட்டின் உறைந்திருக்கிறது, சூடாக்கினால் மறுபடி நீராகும்.

பாதுகாப்பு

- முட்டை ஒவ்வாமை: வெள்ளைக்கருவில் உள்ள ஓவோமியூகாய்ட் என்ற புரதம் சூட்டில் உறைவதில்லை. அடையோடு சேராமல் தெளிந்த சாற்றிலேயே அது தங்கிவிடும். பார்வைக்கு முட்டையே இல்லாத சூப்பும் முட்டை ஒவ்வாதவர்களுக்கு ஆபத்து. பரிமாறும் முன்பு கட்டாயம் சொல்லுங்கள். காய்கறிச் சாற்றை இப்படித் தெளியவைத்தால், முட்டை சாப்பிடாதவர்களிடமும் சொல்லுங்கள்.
- பச்சை முட்டை, பச்சைக் கறி: இரண்டிலும் சால்மோனெல்லா கிருமி இருக்கலாம். பிசைந்த கையையும் கிண்ணத்தையும் சோப்புப் போட்டுக் கழுவிய பிறகே அடுத்த வேலைக்குப் போங்கள். பிசைந்த கலவையை வெளியே வைத்துவிட்டு வேறு வேலை பார்க்காதீர்கள். சிலர் முட்டை ஓட்டையும் நசுக்கிப் போடுவார்கள். அழுக்கு ஒட்டிய ஓட்டைச் சேர்க்க அவசியமில்லை, அது இல்லாமலே சாறு தெளியும்.
- ஆறவைத்தல்: எலும்புச் சாறு கிருமி வளர ஏற்ற இடம். இரவு முழுக்க அடுப்பு மேடையில் விடாதீர்கள். பாத்திரத்தைத் தண்ணீர்த் தொட்டியில் வைத்து, அவ்வப்போது கலக்கி ஆறவைத்து, இரண்டு மணி நேரத்துக்குள் குளிர்சாதனப் பெட்டியில் வையுங்கள். மூன்று நாளுக்குள் தீர்த்துவிடுங்கள்.
- மறுபடி சூடாக்குதல்: தெளிந்த சாற்றில் உறைய எதுவும் பெரிதாக மிச்சமில்லை. பரிமாறும் முன்பு ஒரு கொதி வரவிடலாம், தெளிவு கெடாது.
- மிஞ்சிய அடை: வெந்த கறிதான், மிளகு, கறிவேப்பிலை போட்டு வதக்கிச் சாப்பிடலாம். சுவை சாற்றில் இறங்கிவிட்டதால் சப்பென்றுதான் இருக்கும். நாய்க்குப் போடாதீர்கள், அதில் உள்ள வெங்காயம் நாய்க்கு நஞ்சு.

செய்யும் முன் ஒரு பார்வை

சாறு குளிர்ந்திருக்கிறதா, கொழுப்பை வழித்தாயிற்றா, புளிப்புச் சேர்த்தாயிற்றா, துணியில் கஞ்சி இல்லையா என்று பாருங்கள். அடுப்பில் வைத்த பிறகு வெள்ளை இழை தெரியும்வரை கிண்டுங்கள். தெரிந்ததும் கரண்டியை எடுத்துவிட்டு, கொதிக்கவிடாமல் காத்திருங்கள். பழக்கம் வரும்வரை அரை லிட்டர் சாறும் ஒரு வெள்ளைக்கருவும் வைத்துச் செய்து பாருங்கள். விருந்துக்கான இரண்டு லிட்டரை அதன்பிறகு அடுப்பில் ஏற்றுங்கள்.